வானத்தில் முக்கால் மணி, தரையில் ஐந்து மணி நேரம்

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கால அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் போட்டிருப்பார்கள். அதில் சக்கரம் தரையை விட்டு எழுந்து மீண்டும் தரையைத் தொடும் வரை முக்கால் மணி நேரம்தான். இருக்கை பெல்ட் விளக்கு அணைந்த சூட்டோடு தரையிறங்கும் அறிவிப்பும் வந்துவிடும். எந்த நிறுவனத்தின் காபி நன்றாக இருந்தது, எதில் முழங்கால் இடிக்கவில்லை என்ற பேச்சுக்கு இந்தத் தடத்தில் மதிப்பு குறைவு. இங்கே பயணம் நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது விமானமே அல்ல. வீட்டுக்கும் விமானத்துக்கும் நடுவே இருக்கும் தரைதான்.

மலிவுக் கட்டண விமானங்கள் இந்தத் தடத்துக்குள் நுழைந்ததே 2008 பிப்ரவரியில்தான். அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரு நாட்டு தேசிய நிறுவனங்களும் மட்டுமே இதைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. ஏர்ஏசியா வந்த பிறகு, மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருவது சாதாரணச் சம்பளக்காரருக்கும் கைக்கெட்டியது. அந்த நன்றியை மறக்காமல்தான் மலிவு விமானத்தையும் முழுச்சேவை விமானத்தையும் ஒப்பிட வேண்டும்.

தேக்காவில் வாடகை அறை, பிரிக்ஃபீல்ட்ஸில் அம்மா வீடு. சிங்கப்பூரில் வேலை செய்யும் இப்படியொரு மகளை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குப் புறப்படும் விமானம். தோளில் ஒரு பை, கையில் ஒரு சிறிய பெட்டி. இரண்டு வகை விமானத்திலும் இதே பயணத்தைப் போய்ப் பார்க்கலாம்.

சிங்கப்பூர்ப் பக்கம் எளிது. லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் தடத்தில் ஏறி, எக்ஸ்போவில் மாறினால் சாங்கி. முக்கால் மணி நேரம், செலவு சில வெள்ளி. சாங்கி எம்ஆர்டி நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவே இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போகிறவர் ரயிலை விட்டு இறங்கியதும் கிட்டத்தட்ட முனையத்துக்குள்ளேயே நிற்கிறார். மலிவு விமானம் என்றால் எந்த முனையம் என்பதைச் சீட்டில் பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். 2017-இல் நான்காம் முனையம் திறந்தபோது ஏர்ஏசியா அங்கே மாறியது. அந்த முனையத்துக்கு எம்ஆர்டியும் இல்லை, முனையங்களை இணைக்கும் ஸ்கைட்ரெயினும் இல்லை. இலவசப் பேருந்து ஒன்றுதான் வழி. பேருந்துக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் கால் மணி நேரம் கூடிவிடும். அந்தக் கால் மணியை விடுமுறைக் கூட்டத்தில் யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

இனி பெட்டி. ஏர்ஏசியாவில் கையோடு கொண்டுபோகும் இரண்டு பொருள்களும் சேர்ந்து ஏழு கிலோ. பெரும்பாலும் கணக்கு குலைவது இந்த இடத்தில்தான். விமானக் கதவுக்கு முன்னால் தராசு வைத்து நிறுத்துப் பார்க்கும் நாளில் வரிசையே உருமாறிவிடும். ஒருவர் மடிக்கணினியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்கிறார், இன்னொருவர் இரண்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொள்கிறார், ஒரு பாட்டி இட்லிப் பொடி டப்பாவைப் பேத்தியின் பைக்கு மாற்றுகிறார். எட்டரைக் கிலோ காட்டினால் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். முன்பதிவின்போதே வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் பெட்டி எடை, விமான நிலையத்தில் பல மடங்காகிவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் கைப்பெட்டிக்கு ஏழு கிலோதான். ஆனால் சரக்கறைக்குப் போகும் 25 கிலோ, மிகக் குறைந்த கட்டணச் சீட்டிலும் சேர்ந்தே வருகிறது. கூடுதல் எடையை முகப்பில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம்.

அதனால் இரண்டு நிறுவனங்களின் முதல் பக்க விலையை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. பெட்டி, இருக்கை, அட்டைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் தொகைதான் உண்மையான விலை. தோள்பையோடு போகும்போது மலிவு விமானம் தெளிவாக ஜெயிக்கிறது. தீபாவளிக்குப் பெட்டி நிறையத் துணிமணி கொண்டுபோகும்போது, பல நாள்களில் அந்த வித்தியாசம் கரைந்தே போகிறது.

கோலாலம்பூரில் இறங்கிய பிறகுதான் விஷயமே இருக்கிறது. விமான நிலையம் சிப்பாங்கில். நகரின் நடுவிலுள்ள கேஎல் சென்ட்ரலுக்கு அங்கிருந்து ரயில் பாதை 57 கிலோமீட்டர். முழுச்சேவை விமானங்கள் முதல் முனையத்தில் இறங்குகின்றன, ஏர்ஏசியா இரண்டாம் முனையத்தில். முன்பு கேஎல்ஐஏ2 என்று அழைக்கப்பட்டது இந்த இரண்டாவதுதான். 2014 மே மாதம் திறந்தது. அதற்கு முன்பிருந்த எல்சிசிடியின் கொட்டகையையும், மழையில் நனைந்து விமானத்துக்கு நடந்ததையும் நினைத்தால் இது அரண்மனை. ஆனால் அரண்மனைக்கேற்ற நடையும் உண்டு. பி, க்யூ என்று தொடங்கும் கதவுகளில் வந்து நின்றால், நீண்ட நடைபாதையில் நடந்து, விமானங்கள் கீழே ஊர்ந்து போகும் அந்த உயரமான பாலத்தைக் கடந்து, பிறகுதான் குடிநுழைவுச் சோதனை. க்யூ வரிசையின் கோடியில் நின்றால் வேகமாக நடப்பவருக்கே கால் மணி நேரம் ஆகும். முட்டிவலிக்காரருக்கும் கைக்குழந்தையோடு வருபவருக்கும் அது பெரிய தண்டனை. சோதனை முடிந்த பின்பும் ரயில் எதிரே வந்து நிற்காது. கடைத்தொகுதி முழுவதையும் குறுக்கே கடந்து, கோடியில் இருக்கும் போக்குவரத்து மையத்துக்குப் போக வேண்டும். பயணி கடைகளைப் பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டிய பாதை அது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பவரை ஏன் சுற்றவிடுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

முதல் முனையத்தில் நிலைமை கதவின் எழுத்தைப் பொறுத்தது. ஜி, எச் என்றால் முதன்மைக் கட்டடத்திலேயே இறங்கி நடந்துவிடலாம். சி என்றால் துணைக் கட்டடம். அங்கிருந்து ஏரோட்ரெயின் ஏற வேண்டும். அந்தச் சிறு ரயில் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலை 1 அன்றுதான் புதிய பெட்டிகளோடு திரும்ப ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி இறக்கினார்கள். அந்தக் காலத்தில், கூடுதல் பணம் கொடுத்து முழுச்சேவை விமானத்தில் வந்தவர் தரையில் சம்பாதித்த நேரம் முழுவதும் அந்தப் பேருந்து வரிசையிலேயே போயிற்று. இப்போது அந்தக் குறை நீங்கிவிட்டது. அதோடு ஒப்பீட்டின் முடிவும் மாறியிருக்கிறது.

இனி நகருக்குள் போக வேண்டும். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். இரண்டுக்கும் ஒரே கட்டணம், ஒரு வழிக்கு 55 ரிங்கிட். நல்ல ரயில், சுத்தமானது, நேரத்துக்கு வருவது. ஆனால் சலுகை விலையில் விமானச் சீட்டு வாங்கிய நாளில், 300 கிலோமீட்டருக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கை இந்த 57 கிலோமீட்டருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து போனால் 110 ரிங்கிட். கிராப் வண்டியே பல நேரங்களில் அதைவிட மலிவு. தனியாக வருபவர், அவசரமில்லாதவர், கேஎல் சென்ட்ரல் பேருந்தில் ஏறினால் ரயில் கட்டணத்தில் சிறு பகுதிதான் ஆகும். அதற்குச் சாலை நெரிசல் மனது வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் அது மனது வைப்பதில்லை.

அந்த மகளின் மாலையை இப்போது கூட்டிப் பார்க்கலாம். மலிவு விமானத்துக்கு அவர் மூன்றரைக்கு அறையைப் பூட்டுகிறார். ஆறரைக்குப் புறப்பட்டு ஏழே முக்காலுக்குள் இறக்கம். நடை, குடிநுழைவு, கடைத்தொகுதி எல்லாம் கடந்து ரயிலடிக்கு வர எட்டரை. ஒன்பதே கால் வாக்கில் பிரிக்ஃபீல்ட்ஸ். முழுச்சேவை விமானத்துக்கு மூன்றே முக்காலுக்குக் கிளம்பினால் போதும். சி கதவு அமையாத நாளில் எட்டே முக்காலுக்கு அம்மா கையால் தோசை சாப்பிடலாம். ஆக முக்கால் மணி நேரம் மிச்சம். அதில் ஒரு நிமிடம்கூட வானத்தில் கிடைத்ததல்ல. குடிநுழைவு வரிசை நீண்டால் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் குலையும். அதைக் குறைக்க ஒரு வழி, மலேசிய வருகைப் பதிவை வீட்டிலேயே முடித்துவிடுவது. 2024 தொடக்கத்திலிருந்து பெரும்பாலான வெளிநாட்டினருக்கு இது கட்டாயம். பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்தே இணையத்தில் நிரப்பலாம்.

அந்த முக்கால் மணிக்கு எவ்வளவு கொடுக்கலாம்? கடைசிப் பக்க விலையில் வித்தியாசம் முப்பது வெள்ளிக்குள் இருந்தால் முழுச்சேவை விமானம் என்பது இந்தக் கட்டுரையின் தீர்ப்பு. அதற்கு மேல் போனால், தோள்பையோடு தனியாகப் போகும் இளையவருக்கு மலிவு விமானமே சரி. அறுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவை அழைத்து வருவதானால் வித்தியாசம் ஐம்பது வெள்ளியானாலும் முதல் முனையத்துக்கே சீட்டு எடுங்கள். இரண்டாம் முனையத்தின் நடையை அவர்கள்மேல் சுமத்த வேண்டாம். தாமதத்தின்போது கிடைக்கும் உரிமை என்று முழுச்சேவைக்குக் கூடுதல் மதிப்பெண் போட வேண்டியதில்லை. மலேசியாவின் பயணிகள் பாதுகாப்பு விதி இரண்டு வகை நிறுவனங்களுக்கும் ஒன்றே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இரவுக் கடைசி விமானங்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. நள்ளிரவை ஒட்டி ரயில் ஓய்ந்துவிடும். பதினொன்றரைக்கு இறங்க வேண்டிய விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால், இரண்டாம் முனையத்து நடையையும் முடித்து வெளியே வரும்போது பெரும்பாலும் வாடகை வண்டிதான் மிச்சம். அந்த நேரத்து வண்டிக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகரின் தெற்குப் பக்கம் போகிறவர்கள் கேஎல் சென்ட்ரல் வரைக்கும் போகவே தேவையில்லை. நின்று நின்று போகும் கேஎல்ஐஏ டிரான்ஸிட்டில் ஏறி, பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்கினால் கட்டணம் குறையும், எல்ஆர்டியும் கொமுட்டர் ரயிலும் அங்கேயே கிடைக்கும். ஈப்போ, பினாங்கு போகிறவர்களுக்கு நெடுந்தூரப் பேருந்து நிலையமும் ஒட்டியே இருக்கிறது.