புளியமரத்துக்குக் கிழக்கே ஒரு வீடு

மரத்தை வெட்டாமல் கட்டிய வீடு என்றதும் பலருக்கும் நினைவு வருவது, கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் அடிமரம்தான். 1925இல் பாரிஸ் கண்காட்சியில் லெ கொர்பூசியே கட்டிய மண்டபத்தில் அப்படி ஒரு மரம் கூரையின் வட்டத் துளை வழியாக வெளியே வந்து நின்றது. 1951இல் சாவோ பாவ்லோவில் லீனா போ பார்தி தனக்கெனக் கட்டிய கண்ணாடி வீட்டிலும் நடுவே ஒரு மரம் உண்டு. ஆனால் அங்கே வரவேற்பறை மெல்லிய இரும்புத் தூண்களின் மேல் தரையை விட்டு உயர்ந்து நிற்கிறது. நடுவில் விட்ட சதுர வெளியில் மரம் வளர்கிறது. இரண்டில் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டாவதுதான். கட்டடம் மண்ணை மிகக் குறைவாகவே தொடுகிறது என்பதுதான் அதன் நயம். லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டியபோது, அங்கிருந்த மரங்களுக்கு இடம்விட்டுச் செங்கல் சுவர்களை வளைத்துக் கொண்டுபோனாரே, அதுவும் இந்த வகையைச் சேர்ந்தது. மரத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது எளிய வித்தை. எவ்வளவு தள்ளி நிற்பது என்று தெரிந்து கட்டுவதே கலை.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இங்கே பல இடங்களில் செம்மண் சில அடிதான். அதற்குக் கீழே பாறை. வேர் ஆழமாகப் போக வழியில்லாததால் பக்கவாட்டில் ஓடும். பொதுவாகவே மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்தான் இருக்கிறது. கிளை விரிவின் எல்லையைத் தாண்டியும் அது செல்லும். இதைக் கணக்கிட மரவியலாளர்கள் ஓர் எளிய அளவு வைத்திருக்கிறார்கள்: நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவை எடுத்து, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால், மரத்தைச் சுற்றிக் காக்க வேண்டிய வட்டத்தின் ஆரம் கிடைக்கும். ஆறரை அடிச் சுற்றளவுள்ள புளியமரத்தின் குறுக்களவு ஏறத்தாழ இரண்டடி. எனவே வட்டத்தின் ஆரம் 25 அடி.

பத்து சென்ட் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 66 அடிக்கு 66 அடி. மேற்கு எல்லையிலிருந்து 15 அடி தள்ளி அந்தப் புளியமரம் நிற்கிறது. மரத்திலிருந்து கிழக்கே 25 அடி விட்டு, கிழக்கு எல்லையில் 5 அடி விட்டால், நடுவே 21 அடி அகலம் மிஞ்சும். 50 அடி நீளத்துக்கு அதில் ஆயிரம் சதுர அடி வீடு, காக்க வேண்டிய வட்டத்தைத் தொடாமல் அமைந்துவிடும். வட்டத்துக்குள் நுழைய வேண்டியது ஒரு தாழ்வாரம் மட்டுமே. அதற்குத் தொடர்ச்சியான கடக்கால் கூடாது. அந்தப் பக்கத்து வேரையெல்லாம் அது வரிசையாக அறுத்துவிடும். தாழ்வாரத்தைத் தனித்தனித் தூண்களில் நிறுத்த வேண்டும். இந்த வட்டாரத்தில் வேலிக்கே கல்தூண் நடுவார்கள் என்பதால் அது புதிய விஷயமும் அல்ல. ஒவ்வொரு குழியையும் ஆள் வைத்துத் தோண்டவேண்டும், இயந்திரம் வேண்டாம். கட்டைவிரலை விடப் பருத்த வேர் தென்பட்டால் வேரை விட்டுவிட்டு, குழியைத்தான் நகர்த்த வேண்டும். தூண்களுக்கு நடுவே வரும் தளம் தரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றால், அடியில் மண் மூச்சு விடும், மழைநீர் இறங்கும். தூண்களின் இடைவெளி ஒன்றுபோல இல்லாத தாழ்வாரத்தைப் பார்த்தால், மேஸ்திரி வேரைப் பார்த்து நகர்ந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். அந்த ஒழுங்கின்மையை நான் அழகென்றே சொல்வேன்.

வீட்டை ஏன் கிழக்கே வைக்கவேண்டும்? திருப்பதி ஏறத்தாழ பதின்மூன்றரைப் பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலைக் கூரைதான் வாங்க வேண்டும்; மெட்ராஸ் டெரஸோ வெள்ளைப் பூச்சோ அதைக் கவனித்துக்கொள்ளும். சுவரைச் சுடுவது பிற்பகலில் மேற்கிலிருந்து வரும் வெயில். நான்கு மணிக்கு நாற்பதடி உயர மரத்தின் நிழல் கிழக்கே ஏறத்தாழ அறுபதடி நீள்கிறது. வீட்டின் அகலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஐந்து மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து, கிளைகளுக்கு அடியில் புகுந்து சுவரைத் தொடப் பார்க்கும். தாழ்வாரத்தின் கூரை விளிம்பு ஏழடிக்குத் தாழ்ந்திருக்க வேண்டியது அந்த நேரத்துக்காகத்தான். மரம் விட்ட இடத்தில் தாழ்வாரம் தொடர்கிறது. மேற்கில் பெரிய மரம் நிற்பதை வாஸ்து பார்ப்பவர்களும் பெரும்பாலும் ஏற்பார்கள். புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்பவர்களுக்கும் சிக்கலில்லை, படுக்கையறை மரத்தடியில் இல்லை.

புயலில் விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. 2021 நவம்பர் மழையைத் திருப்பதி மறந்திருக்காது. ஆனால் ஊறிய மண்ணில் சாயும் மரங்களில் பலவற்றுக்கு ஒரு பக்க வேர் முன்பே அறுபட்டிருக்கும். வடகிழக்குப் பருவக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் தள்ளுகிறது. அப்போது மரத்தை இழுத்துப் பிடிப்பவை கிழக்குப் பக்க வேர்கள், அதாவது வீட்டுப் பக்க வேர்கள். அஸ்திவாரத்துக்காக அவற்றை வெட்டுபவர் கூடாரத்தின் காற்றுப் பக்கக் கயிற்றை அறுப்பவரைப் போன்றவர். பயத்தில் உச்சியை மொட்டையடிப்பதும் தவறு. வெட்டிய இடத்தில் முளைக்கும் புதுக்கிளைகள் பிடிமானமில்லாமல் வளர்ந்து பின்னால் முறியும். காய்ந்த கிளைகளை மட்டும் எடுத்தால் போதும். புளி காற்றைத் தாங்கும் மரம். இதே நம்பிக்கையைத் தூங்குமூஞ்சி மரத்தின் மீது வைக்க மாட்டேன், அதன் கிளைகள் எளிதில் முறியும். ஆலும் அரசும் கூட, விரிசலில் வேர்விடும் இயல்பால், வீட்டை ஒட்டி நிற்க ஏற்றவையல்ல.

வேர் அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிடும் என்ற அச்சம் கரிசல் மண்ணில் உண்மை. அங்கே மரம் நீரை உறிஞ்ச மண் சுருங்கும், சுவர் விரிசல் விடும். செம்மண்ணில் அது பெரும்பாலும் நேர்வதில்லை. குழாய்க்குள் வேர் புகுவதும் பெரும்பாலும் ஏற்கெனவே கசியும் மூட்டு வழியாகத்தான்.

உண்மையில் வீட்டால் மரம் சாவதே அதிகம். நிழல் இருக்கிறதென்று மணல் லாரி அங்கேதான் நிற்கும். செங்கல்லும் அங்கேதான் இறங்கும். சிமென்ட் கலந்த சட்டியும் அங்கேதான் கழுவப்படும். மண் இறுகிக் காற்று நின்றுவிடும். வேலை முடிந்ததும் அடிமரத்தைச் சுற்றி மண் நிரப்பி ஒரு மேடையும் கட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் இலை சிறுத்து, உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து காயும். மரத்துக்கு வயதாகிவிட்டது என்று வெட்டிவிடுவார்கள். நலமாக இருக்கும் அடிமரம் மண்ணைத் தொடுமிடத்தில் விரிந்து வேர்களாகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும். அது நேராக மண்ணுக்குள் இறங்கினால், அடி புதைந்திருக்கிறது என்று பொருள். ஆகவே முதல் வேலை வானம் பறிப்பதல்ல, அந்த 25 அடி வட்டத்துக்கு வேலி போடுவது. போர்வெல், செப்டிக் டேங்க், நீர்த்தொட்டி எல்லாமே வேலிக்கு வெளியே வரட்டும்.

மூன்று சென்ட் மனையில் இது முடியாது. ஆறரை அடிச் சுற்றளவுள்ள மரத்தின் வட்டமே நாலரை சென்ட் பிடிக்கும். அங்கே மரத்தையும் வைத்து வீட்டையும் கட்டுவதாகச் சொல்லும் பிளான் மரத்தை மெதுவாகக் கொல்லும் பிளான். மரமுள்ள மனை வாங்கியிருப்பவர்கள், பொறியாளரிடம் நான்கு பக்க அளவைக் கொடுக்கும்போதே மரத்தின் சுற்றளவையும், அது எல்லையிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். அறைகளை அதற்குப் பிறகு வரையச் சொல்லுங்கள்.