படிமத்துக்கு வெளியே இருப்பவை

வரைகலைத் திரைக்குள் முனையத்தைத் திறந்து `dnf update` கொடுக்க வேண்டாம் என்று 2016 அக்டோபரில் ஃபெடோரா 24 பயனர்களுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. systemd-udev தொகுப்பைப் புதுப்பிக்கும்போது அதன் சேவை நிறுத்தித் தொடங்கப்பட்டது. இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் உள்ள சில மடிக்கணினிகளில் அந்தக் கணத்தில் திரையை நடத்தும் எக்ஸ் சர்வர் விழுந்தது. அது விழுந்ததும் முனையமும், முனையத்தில் ஓடிக்கொண்டிருந்த dnf-உம் சேர்ந்தே போயின. சில தொகுப்புகள் புதியவை, சில பழையவை, சிலவற்றுக்கு இரண்டு பதிப்புகளும் நிறுவப்பட்டிருப்பதாகத் தரவுத்தளத்தில் பதிவு. அப்படிப்பட்ட கணினியை மீட்டெடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

இதை ஒரு தொகுப்பின் பிழை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. தொகுப்புத் தொகுப்பாகப் புதுப்பிக்கும் முறையில், ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கோப்புகளைத்தான் ஒவ்வொன்றாக மாற்றுகிறோம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே, யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு கலவை வட்டில் இருக்கிறது. மின்சாரம் போனாலும் சரி, நிரல் விழுந்தாலும் சரி, அந்தக் கலவையே நிலைத்துவிடும். மறுதொடக்கம் செய்து, பிற சேவைகள் ஓடாத நேரத்தில் புதுப்பிக்கும் வழி ஃபெடோராவில் உண்டு. அது ஆபத்தைக் குறைக்கிறது, ஆனால் மாற்றப்படுவது அதே வட்டில் உள்ள அதே கோப்புகள்தான்.

முழுப் படிமமாகப் புதுப்பிக்கும் இயங்குதளங்கள் இந்த இடைநிலையை ஒழித்துவிடுகின்றன. நான் நன்றாக அறிந்த ஃபெடோரா சில்வர்புளூவையே எடுத்துக்கொள்கிறேன். தொகுப்புகளைச் சேர்த்து முழு அமைப்பாகக் கட்டும் வேலை ஃபெடோராவின் சர்வரில் நடக்கிறது. நம் கணினிக்கு வருவது முடிந்த படிமம். `rpm-ostree upgrade` கொடுத்தால், ஏற்கெனவே வட்டில் இல்லாத கோப்புகள் மட்டும் இறங்குகின்றன. இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவான கோப்புகளுக்கு வட்டில் ஒரே பிரதிதான். அதனால் இரண்டு முழு இயங்குதளங்களை வைத்திருந்தாலும் இரு மடங்கு இடம் போவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் `/usr` எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் தொடாமல் புதிய அமைப்பு பக்கத்திலேயே தயாராகிறது. மறுதொடக்கத்தின்போது பூட்லோடர் புதியதைத் தேர்ந்தெடுக்கும். இறக்கும்போது மின்சாரம் போனால் பழையது அப்படியே எழுந்து நிற்கும். புதியது சரியில்லை என்றால் பூட் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, `rpm-ostree rollback` கொடுத்தால் போதும்.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஒரு பதிப்பு எண்ணைச் சொன்னால், அந்தப் படிமத்தில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்பது முழுவதும் தீர்மானமாகிவிடுகிறது. ஒருவர் கணினியில் பிழை என்றால் அதே படிமத்தை இன்னொருவர் ஏற்றிப் பார்க்கலாம். தொகுப்பு முறையில் மூன்று ஆண்டுகள் ஓடிய இரண்டு கணினிகள் ஒன்றாகவே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இந்த உத்தரவாதமெல்லாம் படிமத்துக்குள் இருப்பவற்றுக்கு மட்டும். இந்த எல்லையைப் பற்றித்தான் போதிய பேச்சு இல்லை.

2024 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். 40.20240617.0 பதிப்புக்கு மேம்படுத்தப்பட்ட சில சில்வர்புளூ கணினிகள், செக்யூர் பூட் இயங்கும் நிலையில், `bad shim signature` என்று சொல்லி நின்றுவிட்டன. ஃபெடோரா 40-க்கு முன்பு நிறுவப்பட்ட கணினிகளுக்குத்தான் இந்தச் சிக்கல். பூட்லோடர் இருப்பது EFI பகிர்வில். படிமப் புதுப்பிப்பு அப்போது அதைத் தொடவில்லை. எனவே கெர்னல் ஒவ்வொரு முறையும் புதிதாக வர, பூட்லோடர் மட்டும் நிறுவிய நாளில் இருந்தபடியே கிடந்தது. ஒரு கட்டத்தில் பழைய பூட்லோடர் புதிய கெர்னலை ஏற்க மறுத்தது. பழைய பதிப்புக்குத் திரும்ப முடிந்ததால் கணினிகள் கைவிட்டுப் போகவில்லை. பிறகு பயனர்கள் இதைக் கையால் செய்ய வேண்டியிருந்தது:

```
sudo cp -rp /usr/lib/ostree-boot/efi/EFI /boot/efi
sudo sync
```

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சாதாரண ஃபெடோராவில் பூட்லோடரும் ஒரு தொகுப்புதான். dnf அதையும் சேர்த்தே புதுப்பித்துவிடும். இந்த ஓர் இடத்தில் பழைய முறையே பொறுப்பாக நடந்துகொண்டது. இந்தக் குறையைத் தீர்க்கவே bootupd என்ற தனிக் கருவி வந்தது.

`/etc` இன்னோர் எல்லை. படிமத்தோடு வந்த பழைய இயல்புநிலை, புதிய இயல்புநிலை, நாம் செய்த மாற்றம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு அது இணைக்கப்படுகிறது. இந்த இணைப்பு கோப்பு அளவில்தான் நடக்கிறது, வரி அளவில் அல்ல. ஒரு கோப்பில் நாம் ஒரே ஒரு வரியைத் திருத்தியிருந்தாலும், பின்னால் வரும் படிமங்களில் அந்தக் கோப்புக்குச் செய்யப்படும் எந்தத் திருத்தமும் நம்மை வந்தடையாது, பாதுகாப்புத் திருத்தமாக இருந்தாலும். எந்தெந்தக் கோப்புகள் இப்படிப் பிரிந்து நிற்கின்றன என்று `sudo ostree admin config-diff` காட்டும்.

`/var` முற்றிலும் வெளியே இருக்கிறது. வீட்டு அடைவும் அதற்குள்தான். பழைய படிமத்துக்குத் திரும்பினாலும் தரவு திரும்பாது. படிமத்தோடு வரும் ஃபயர்ஃபாக்ஸின் புதிய பதிப்பை ஒருமுறை திறந்துவிட்டுப் பழைய படிமத்துக்கு வந்தால், பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள், புதிய புரொஃபைல் உருவாக்கவா என்று அது கேட்கும். நிரல் பின்னோக்கி வந்துவிட்டது, அதன் தரவு வரவில்லை. தரவுத்தள சர்வர் ஓடும் கணினியில் இதே பிளவு இன்னும் கடுமையான விளைவைத் தரும்.

கடைசி எல்லையை நாமே போடுகிறோம். படிமத்தில் இல்லாத தொகுப்பை `rpm-ostree install` கொண்டு மேலே அடுக்கலாம். அடுக்கிய பிறகு, ஒவ்வொரு புதுப்பிப்பிலும் படிமத்தோடு அந்தத் தொகுப்பைப் பொருத்தும் வேலை நம் கணினிக்கு வந்துவிடுகிறது. வெளிக் களஞ்சியமான ஆர்பிஎம் ஃப்யூஷனிலிருந்து ஒரு வீடியோ நூலகத்தை அடுக்கியிருக்கிறோம் என்று வையுங்கள். படிமம் முன்னேறிவிட்டது, அந்தக் களஞ்சியம் இன்னும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. dnf என்றால் பொருந்தாத தொகுப்பை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைப் புதுப்பித்துவிடும். இங்கே எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. ஒரு வீடியோ நூலகத்துக்காகக் கெர்னலின் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்து நின்றுவிடும். தானியங்கிப் புதுப்பிப்பு போட்டிருந்தால் இது கண்ணிலேயே படாது. கணினி எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், அதன் படிமம் மட்டும் வாரக்கணக்கில் பழையதாகிக்கொண்டே போகும்.

அதனால்தான் "மாற்ற முடியாத இயங்குதளம், ஆகவே பாதுகாப்பானது" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. ரூட் அதிகாரம் கிடைத்தவருக்கு `/usr` பூட்டு பெரிய தடையே அல்ல. இந்த முறையின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது: சோதித்த கலவையும் ஓடும் கலவையும் ஒன்றே, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே தாவலில் போகலாம். பத்துத் தொகுப்புகளை மேலே அடுக்கிய அன்றே அந்த மதிப்பில் பெரும்பங்கை இழந்துவிடுகிறோம். தொகுப்பு முறையின் சிக்கல்கள் திரும்பி வருகின்றன, கூடவே மறுதொடக்கக் காத்திருப்பும்.

என் முடிவு இதுதான். செயலிகளை ஃபிளாட்பேக்காகவும், நிரலாக்கக் கருவிகளைக் கண்டெய்னருக்குள்ளும் வைத்துக்கொள்ளக்கூடியவருக்குப் படிம முறையே மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தனி வன்பொருளுக்காக வெளி டிரைவர்களையும் நூலகங்களையும் சார்ந்திருப்பவர் தொகுப்பு முறையிலேயே இருக்கட்டும், அவருக்கு அதுதான் ஒழுங்காக வேலை செய்யும். ஏற்கெனவே சில்வர்புளூவில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை `rpm-ostree status` கொடுத்து, பதிப்பு எண்ணில் உள்ள தேதியைப் பாருங்கள். அது பழையதாக இருந்தால், உங்கள் புதுப்பிப்பு எங்கோ தடைபட்டிருக்கிறது.