செய்திக்கு மறுநாள்

செய்தியைத் தொட்ட கவிதை செய்தித்தாளோடு பழசாகிவிடும், நல்ல கவிஞன் அந்தப் பக்கமே போகமாட்டான் என்றொரு பேச்சு இப்போது சிற்றிதழ்க்காரர்களிடையே மரியாதையோடு உலவுகிறது. தேனி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கையில் எரிச்சல்தான் வருகிறது. பெரியாறு அணை நீர்மட்டம் எத்தனை அடி என்று பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயி நாற்றங்காலைப் பற்றி யோசிக்கிறார். செய்தியை ஒதுக்கிவிட்டால் இங்கே வாழ்க்கையில் பாதி போய்விடும்.

பாரி மகளிர் பாடியதும் ஒரு போர்ச் செய்திக்குப் பிறகுதான். அதில் போரின் விவரம் இல்லை, வென்றவர்களின் பெயரும் இல்லை. சென்ற மாதத்து நிலவும் இந்த மாதத்து நிலவும், இழந்த குன்றும் தந்தையும்தான் இருக்கின்றன. அதற்கு நேர் எதிர்த்திசையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிந்துகளும் கும்மிகளும் நிற்கின்றன. கொலை, வெள்ளம், தாது வருஷப் பஞ்சம் என்று எதையும் விடாமல் சந்தையில் பாடி விற்றார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் அந்த உலகத்தை விரிவாகக் காட்டியிருக்கிறார். எழுத்தறியாத ஊருக்கு அதுவே பத்திரிகையாக இருந்ததால் அது நடந்ததை நடந்தபடி சொல்லியாக வேண்டியிருந்தது. பாரதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செய்தியை உரைநடையில் எழுதப் பத்திரிகைகள் இருந்தன. ருஷ்யப் புரட்சியைக் கவிதையில் தொட்டபோது தந்திச் செய்தியை விட்டுவிட்டு மாகாளியின் கடைக்கண்ணிலிருந்து தொடங்கினார்.

செய்தியைக் கவிதையாக்குகிற சிக்கல் 1970களில் முற்றியது. அதில் எங்கள் மாவட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ‘கறுப்பு மலர்கள்’ எழுதிய நா. காமராசன் போடிப் பக்கத்து மீனாட்சிபுரத்துக்காரர். 1974இல் ‘கண்ணீர்ப் பூக்கள்’ தந்த மு. மேத்தா பெரியகுளத்துக்காரர். வானம்பாடிக் காலத்து இந்தக் கவிஞர்கள் புதுக்கவிதையின் கதவைத் தெருவை நோக்கித் திறந்தார்கள். திருநங்கையரையும் பாலியல் தொழிலாளரையும் கவிதைக்குள் அழைத்துவந்த காமராசனின் துணிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கவிதை கவியரங்க மேடையில் வளர்ந்தது. மேடைக்கு நான்கு வரிக்கு ஒரு கைதட்டல் வேண்டும். கைதட்டல் விழ வேண்டுமானால் யார் குற்றவாளி என்று கடைசி வரிக்குள் தெரிந்தாக வேண்டும். இப்படித்தான் தீர்ப்பு வரி என்ற பழக்கம் தொற்றியது. கேட்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நியாயத்தைத் திருப்பி அவருக்கே ஊட்டுகிற அந்த வரி இன்றைக்கும் நம்மை விடவில்லை.

அதே காலத்தில், முற்போக்கு முகாம் சந்தேகக் கண்ணோடு பார்த்த ஞானக்கூத்தன் ‘கீழ்வெண்மணி’யை எழுதினார். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கவிதையில் 44 இல்லை, கூலி இல்லை, மிராசுதார் இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது. செய்தி செய்ய வேண்டிய வேலை முழுவதையும் அந்தப் பெயரே செய்துவிடுவதால் உள்ளே கவிதைக்குக் கை காலை நீட்ட இடம் கிடைக்கிறது. கவிதை தீயைக் காட்டுவதில்லை. மறுநாள் புகையோடு விடிந்த பிறகு, திரண்டு நிற்கும் ஊராரைக் காட்டுகிறது. அவர்கள் சாம்பலுக்கு முன்னால் நின்று இது எது, அது எது என்று அடையாளம் பார்க்கிறார்கள். பறவையா, பிள்ளையா, பெண்ணா, கன்றா என்ற அந்தத் தடுமாற்றத்தில் கொடுமை முழுவதும் ஏறிவிடுகிறது. முடிவில் ஒரு தீர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எரிந்தவற்றின் கணக்கெடுப்பில் விடுபட்ட ஓர் இனமாக, அதே தணிந்த குரலில் அது வந்து உட்காருகிறது. குரலை ஒரு படி உயர்த்தியிருந்தால் மேடைக் கவிதையாகப் போயிருக்கும்.

இன்னொரு வழியைக் காட்டியவர் கல்முனைக்காரரான எம். ஏ. நுஃமான். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ‘புத்தரின் படுகொலை’ அதைப் பற்றியதுதான், ஆனால் நடக்காத ஒரு கொலையைச் சொல்கிறது. கனவில் புத்தர் சுடப்பட்டு நூலகப் படியில் கிடக்கிறார். பார்க்க வந்த அமைச்சர்களுக்குக் கவலையெல்லாம் பட்டியலில் இவர் பெயர் இல்லையே என்பதுதான். பிறகு சுட்டவர்கள் பிணத்தைப் புத்தகங்களால் மூடி, பௌத்த நூலையே கொள்ளியாக்கி எரிக்கிறார்கள். நூல் எரிப்பது பாவம் என்ற உபதேசம் எங்கேயும் கிடையாது. கவனியுங்கள், இங்கே நூலகத்தின் பெயர் உண்டு, புத்தகங்களின் எண்ணிக்கைகூட உண்டு. ஆகவே தகவல் இருப்பது குற்றமில்லை. கனவுக்குள் வந்த தகவல் சாட்சி சொல்ல வரவில்லை, எரிபொருளின் அளவாக வருகிறது. செய்தியை விலக்கச் சொல்லும் நவீனர்கள் இந்தக் கவிதைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுக்காகக் கம்பமும் கூடலூரும் குமுளி எல்லையை நோக்கித் திரண்டன. அந்த நாட்களில் கேட்ட கவிதைகள் இரண்டே ரகம். ஒன்று கேரளத்துக்கு எச்சரிக்கை, மற்றொன்று பென்னிகுவிக்குக்குக் கும்பிடு. கோரிக்கை நியாயமானது, ஊர்வலத்துக்கு முழக்கமும் தேவை. ஆனால் 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்ததும் எச்சரிக்கைக் கவிதைகளுக்கு வேலை போய்விட்டது. பள்ளத்தாக்கின் இருபோக வயல் 14,707 ஏக்கர். ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்களா என்று கணக்குப் பார்க்கிற ஒருவர் காலையில் அணையின் நீர்மட்ட எண்ணை வாசிக்கிற விதம் எந்தத் தீர்ப்பாலும் காலாவதியாகாது. அங்கே எண் வாதத்துக்கான ஆதாரமாக இல்லை, ஒருவருடைய அன்றாடமாக இருக்கிறது. அதை எழுத ஒருவரும் வரவில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் மாண்டார்கள். அன்று கைபேசியில் வந்து குவிந்த வரிகளில் பாதி தீயைத் திட்டின. மீதி அரசையோ, மலையேறப் போனவர்களையோ திட்டின. எழுதியவர் ஊரில் இல்லை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. போடியில் இருப்பவருக்குக் கோடையில் மலை எரிவது புதிதல்ல. இரவில் மாடியிலிருந்து சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவார்கள். அந்த ஞாயிறன்றும் மலையைப் பார்த்தவர்கள் உண்டு. அது முதலில் வெறும் மலைத்தீ, பிறகுதான் அது செய்தியானது. பழகிப்போன அந்தப் பார்வைக்கும் அந்தச் செய்திக்கும் நடுவில்தான் கவிதை இருக்கிறது. முதலில் மலையேறி ஓடியவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். தூக்கி வந்த போர்வையைத் திரும்பக் கேட்க முடியாத ஒருவரிடமிருந்தும் அது தொடங்கலாம். இந்தப் போர்வை என் கற்பனைதான். ஆனால் புகைப்படத்தில் இல்லாததைத்தான் கவிஞர் கொண்டுவர வேண்டும், புகைப்படத்துக்குக் கீழே வாசகம் எழுதப் பத்திரிகையில் ஆள் இருக்கிறார்கள்.

எழுதியதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தலைப்பில் உள்ள ஊரை அடித்துவிட்டு வேறொரு விபத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை என்றால் அது இரங்கல் தீர்மானம். பிறகு கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் கவிதை முழுதாக நின்றால், எடுத்த வரி வாசகருக்கு நடத்திய பாடம், அதைத் திரும்பச் சேர்க்காமலே விட்டுவிடலாம். ‘கீழ்வெண்மணி’யை இந்த இரண்டு சோதனையிலும் வைத்துப் பார்த்தேன். ஊரை மாற்றவும் முடியவில்லை, கடைசி வரியை எடுக்கவும் முடியவில்லை.

இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்து நடந்த வாரத்திலேயே சிறப்புப் பக்கம் போட்டுக் கவிதை கேட்காதீர்கள், ஒரு கோடை கழியட்டும். குரங்கணியைப் பற்றி இந்த இரண்டு சோதனையிலும் தேறுகிற கவிதை இதுவரை என் கண்ணில் படவில்லை. போடியிலோ கம்பத்திலோ யாரேனும் எழுதி வைத்திருந்தால் வெளியே கொண்டுவாருங்கள்.