ஒரே மென்பொருள், மூன்று உரிமங்கள்

மென்பொருள் உரிமத்தைப் படித்துச் சொல்பவரிடம் நிரலாளர் கேட்பவை மூன்று: வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா, திருத்தலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா. இப்படிப் பிரித்துப் படிப்பதில் தெளிவு பிறக்கிறது. ஜிபிஎல் மென்பொருளை விற்கக் கூடாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் விற்கத் தடை இல்லை. சொந்த சர்வரில் ஓட்டிக் காசு பார்க்கவும் தடை இல்லை. அதன் முக்கியக் கடமைகள் பிரதியைப் பிறர் கையில் கொடுக்கும்போதுதான் தொடங்குகின்றன.

ஆனால் உரிமக் கோப்பை மட்டும் படித்து மூன்றுக்கும் 'ஆம்' சொல்லிவிடுவது ஆபத்தானது. வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் இதற்கு நல்ல சான்று. அதன் மூலநிரலில் பெரும்பகுதி எல்ஜிபிஎல் 2.1 உரிமத்தில் வருகிறது. அதன் லைப்ரரிகளை மூலநிரல் மூடிய செயலியோடு டைனமிக்காக இணைத்து விற்கலாம். லைப்ரரியின் மூலநிரலை, செய்த திருத்தங்களோடு, வாங்கியவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அவர் அந்த லைப்ரரியை மாற்றிப் போட்டுக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும்.

அதே மூலநிரலை `--enable-gpl` சேர்த்துக் கட்டினால் விடை மாறிவிடும். ஹெச்.264 வீடியோ உருவாக்கும் எக்ஸ்264 லைப்ரரிக்கு இந்தத் தெரிவு தேவை. அப்படிக் கட்டிய லைப்ரரியை இணைத்துச் செயலியை வெளியிட்டால், முழுச் செயலியின் மூலநிரலையும் ஜிபிஎல் உரிமத்தில் தர வேண்டியிருக்கும். கூடவே எஃப்டிகே-ஏஏசி ஒலி லைப்ரரியும் வேண்டுமென்றால் `--enable-nonfree` சேர்க்க வேண்டும். இந்த லைப்ரரியின் உரிமம் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது. இரண்டும் சேர்த்துக் கட்டிய பைனரியைத் தன் கணினியில் ஓட்டலாம், திருத்தலாம். பிறருக்குக் கொடுக்க முடியாது.

ஆக, படிக்க வேண்டியது கையில் இருக்கும் பைனரியை. எந்த உரிமம் பொருந்தும் என்பதை அந்த பைனரியிடமே கேட்கலாம்:

```
ffmpeg -version
ffmpeg -L
```

முதல் கட்டளையின் `configuration:` வரியில் கட்டும்போது கொடுத்த தெரிவுகள் தெரியும். இரண்டாவது, பொருந்தும் உரிமத்தைச் சொல்லும். இணையத்திலிருந்து இறக்கிய பைனரியை அப்படியே பொதிந்து அனுப்புபவர்கள் இந்த இரண்டு வரிகளைப் பார்க்காமல் விடுவதுதான் மிகப் பெரிய பிழை.

இந்தச் சோதனைக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு: காப்புரிமை. எல்ஜிபிஎல் வணிகப் பயன்பாட்டை அனுமதித்தாலும், ஹெச்.264 நுட்பத்தின் மீது பிறர் வைத்திருக்கும் காப்புரிமைகளுக்கு அது அனுமதி தராது. எனவே வணிகக் கேள்விக்கு உரிமம் சொல்லும் 'ஆம்' பதிப்புரிமைக்கு மட்டுமே பொருந்தும். விற்கப்போகும் நாட்டின் காப்புரிமை நிலையை வழக்கறிஞரிடம் தனியே கேட்டாக வேண்டும்.