எந்த விளக்கை அணைப்பது?

இரவு எட்டு மணி. ஹாலில் டியூப் லைட், சமையலறையில் ஒரு பல்பு, படுக்கையறையில் மேசை விளக்கு, குளியலறையில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று என வீடு முழுக்க விளக்கு எரிகிறது. ஹாலில் டி.வி. பார்க்க உட்கார்ந்தவர் அங்கிருக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கரிடம் "லைட்டை ஆஃப் பண்ணு" என்கிறார். எந்த லைட் என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு மனிதர் இருந்து அவரிடம் கேட்டிருந்தால், யோசிக்காமல் ஹால் சுவிட்சைத் தட்டியிருப்பார். குளியலறையில் இருக்கும் மாமியாரை இருட்டில் விட அவருக்குத் தோன்றவே தோன்றாது. கருவிக்கு அந்த விவேகம் பிறவியில் கிடையாது. யாராவது அதை விதியாக எழுதி வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை இப்படி நிரப்பிக்கொள்ளும் முடிவைத்தான் டிஃபால்ட் என்கிறார்கள்.

இந்தச் சிக்கல் ஸ்மார்ட் ஸ்பீக்கர்களுக்கு வெகு காலம் முந்தியது. 1968 முதல் 1970 வரை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டெர்ரி வினோகிராட் எழுதிய ஷர்ட்லு என்ற நிரல், திரையில் வரைந்த மேசைமேல் இருந்த கட்டைகளையும் பிரமிடுகளையும் ஆங்கிலக் கட்டளைப்படி நகர்த்தியது. பிரமிடை எடு என்றபோது மேசையில் ஒன்றுக்கு மேல் இருந்ததால், எந்தப் பிரமிடைச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை என அது பதில் தந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் அது பாராட்டத்தக்க பதில். வீட்டில் ஒவ்வொரு மாலையும் அதே கேள்வி வந்தால் மூன்றாம் நாளே ஆட்கள் எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டுக்கொள்வார்கள். கையில் சாமானோ குழந்தையோ இருக்கும்போது உதவத்தான் குரல் கருவி. "ஹாலா, கிச்சனா, பெட்ரூமா?" என்று அது கேட்டு, நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் சுவிட்சை எட்டிவிடலாம்.

கேட்காமல் செய்வதென்றால் இரண்டு வழிகள் உண்டு. எரிவதையெல்லாம் அணைக்கலாம், அல்லது கட்டளையைக் கேட்ட ஸ்பீக்கர் இருக்கும் அறையை மட்டும் அணைக்கலாம். இன்று பரவலாக இருப்பது இரண்டாவது. ஸ்பீக்கரையும் விளக்குகளையும் அலெக்ஸா செயலியில் ஒரே குரூப்பிலும், கூகுள் ஹோமில் ஒரே ரூமிலும், ஹோம் அசிஸ்டன்ட்டில் ஒரே ஏரியாவிலும் சேர்த்துவிட்டால், பெயர் சொல்லாத கட்டளை அந்த அறைக்கே போகும். என் பார்வையில் இது சரியான டிஃபால்ட். பெரும்பாலான நேரம் மக்கள் நினைப்பதும் அதைத்தான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஊகம் தவறினால் என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது.

ஹால் விளக்கு மட்டும் அணைந்து, சொன்னவர் நினைத்தது சமையலறை விளக்கு என்று வைத்துக்கொள்வோம். தவறு அவர் கண்ணெதிரிலேயே நடக்கிறது. இன்னொரு வாக்கியத்தில் திருத்திவிடலாம். மாறாக ஐந்து விளக்கும் அணைந்தால் தவறு நடந்தது மற்ற நான்கு அறைகளில். அதை அவர் பார்க்கவே இல்லை. படியில் பாதி இறங்கிய பாட்டியும், அடுப்பில் எண்ணெய் வைத்திருப்பவரும் அதை அனுபவிக்கிறார்கள். கட்டளை இட்டவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். பல பேர் வாழும் வீட்டில் ஒரு டிஃபால்ட்டை எடைபோட இதைவிட முக்கியமான அளவுகோல் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அணைப்பதற்கு இன்னொரு இயல்பும் உண்டு. போட்டதை அணைப்பது எளிது, அணைத்ததைப் பழையபடி மீட்பது எளிதல்ல. வீட்டில் பன்னிரண்டு விளக்குகள் இருந்து அதில் ஐந்துதான் எரிந்தன என்றால், "எல்லா லைட்டையும் போடு" என்பது பன்னிரண்டையும் எரிய வைக்கும். எரிந்துகொண்டிருந்த ஐந்து எவை என்பது அணைத்த கணத்தில் மறைந்துபோகிறது. அணைப்பதற்கு முன்பிருந்த நிலையைக் கருவி குறித்து வைத்திருந்து, "வேண்டாம், பழையபடி வை" என்றால் திருப்பித் தர வேண்டும். ஹோம் அசிஸ்டன்ட்டில் அப்போதைய நிலையை ஒரு சீனாகப் பதிந்துகொண்டு பிறகு அதை அழைக்கலாம், ஆனால் வீட்டுக்காரர் உட்கார்ந்து எழுதினால்தான் அது நடக்கும். அதுவரை, குறுகிய ஊகம் பரந்த ஊகத்தைவிடப் பாதுகாப்பானது.

ஆனால் அறை என்ற டிஃபால்ட் முழுக்க ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஸ்பீக்கர் இருக்கும் அறையும் ஆள் இருக்கும் அறையும் ஒன்றே என்ற அனுமானம். அறைக்கு அறை கதவு சாத்திய வீட்டில் அது பொருந்தும். ஹாலும் சமையலறையும் சுவரில்லாமல் ஒன்றாகத் திறந்து கிடக்கும் நம் ஃபிளாட்டுகளில் பொருந்துவதில்லை. சமையல் மேடையிலிருந்து சொன்னதை ஹால் ஸ்பீக்கர் கேட்கிறது, டி.வி. பார்ப்பவர் தலைக்கு மேல் இருட்டாகிறது. இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தால் குரல் எதற்குத் தெளிவாகக் கேட்டதோ அது பதில் சொல்லும். மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பது தெளிவாகக் கேட்டுவிடும். அப்போது அறையே மாறிவிடுகிறது, யாருக்கும் காரணம் புரிவதில்லை. காரணம் இதுதானா என்று பார்க்க வழி எளிது. அடுத்த முறை தவறும்போது எந்த ஸ்பீக்கரின் விளக்கு வளையம் ஒளிர்ந்தது என்று கவனித்தால் போதும். தள்ளி இருந்தது ஒளிர்ந்திருந்தால் கோளாறு விதியில் இல்லை, ஸ்பீக்கர் வைத்த இடத்தில் இருக்கிறது.

இதைவிட ஆழமான குறை, அறைக்குள் அணைக்க எதுவுமே இல்லாதபோது தெரியும். ஹாலில் விளக்கு ஏற்கெனவே அணைந்திருக்கிறது, சமையலறையில் மட்டும் எரிகிறது. ஹாலில் படுத்திருப்பவர் "லைட்டை ஆஃப் பண்ணு" என்றால் அவர் எதைச் சொல்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. அறையை மட்டும் பார்க்கும் விதி, அணைந்த விளக்கை மறுபடி அணைத்துவிட்டுச் சரி என்கிறது. நல்ல விதி முதலில் எவை எரிகின்றன என்று பார்க்கும். அறையில் எரிவது இருந்தால் அதை அணைக்கும். இல்லாமல், வீட்டிலேயே ஒன்றுதான் எரிகிறது என்றால் அதை அணைத்துவிட்டு, "கிச்சன் லைட் அணைத்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லும். வேறு அறைகளில் ஒன்றுக்கு மேல் எரிந்தால் அப்போது கேட்கட்டும். கேள்வி அரிதாக வந்தால் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாய்விட்டுச் சொல்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணெதிரே விளக்கு அணையும்போது "ஹால் லைட் அணைக்கப்பட்டது" என்ற அறிவிப்பு இரைச்சல்தான், தூங்கும் குழந்தையை எழுப்பும். வேறு அறையில் அணைந்தால் அறிவிப்பு அவசியம், ஏனென்றால் சொன்னவருக்குத் தெரிய வேறு வழியில்லை. பல கருவிகள் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

எரிகிறதா இல்லையா என்று பார்க்கும் விதிக்கும் வரம்பு உண்டு, கருவிக்குத் தெரிந்த நிலை உண்மையாக இருக்க வேண்டும். ஸ்மார்ட் பல்பைச் சுவர் சுவிட்சில் யாராவது அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரமே போகாது, கருவி அதைக் காணவில்லை என்று குறித்துக்கொள்ளும். நம் ஊரில் அதிகம் இருப்பது இன்னொரு ஏற்பாடு. சாதா டியூப் லைட்டை அப்படியே வைத்துக்கொண்டு சுவிட்ச் போர்டுக்குள் ஒரு ரிலே பெட்டியைப் பொருத்துவது. கருவியின் கணக்கில் அது விளக்கே அல்ல, வெறும் சுவிட்ச். "லைட்டை ஆஃப் பண்ணு" என்றால் அலங்கார பல்பு அணையும், டியூப் லைட் அசையாது. "டியூப் லைட்டை ஆஃப் பண்ணு" என்று பெயர் சொன்னால் அணைகிறது, பொதுவாகச் சொன்னால் அணையவில்லை என்றால் இதுதான் காரணம். செயலியில் அந்தச் சாதனத்தின் வகையைச் சுவிட்ச் என்பதிலிருந்து லைட் என்று மாற்ற வேண்டும். ஃபேனும் மோட்டாரும் அதே பெட்டியில் இருந்தால் விளக்குக்கான இணைப்பை மட்டும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் விளக்கை அணைக்கச் சொல்லும்போது மோட்டாரும் நின்றுவிடும்.

அறை டிஃபால்ட் ஆபத்தாவது ஸ்பீக்கருக்கு அறையே ஒதுக்காமல் விடும்போது. புதுக் கருவியை அவசரமாகப் பொருத்துபவர்கள் அந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். கைபேசியில் சொன்னாலும் இதே நிலைதான், கைபேசிக்கு அறை கிடையாது. அறை தெரியாதபோது சில அமைப்புகள் வீடு முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. இதை என்னால் ஏற்க முடியவில்லை. தகவல் குறையும்போது செயல் சுருங்க வேண்டும், இங்கே விரிகிறது. அலுவலகத்தில் இருந்துகொண்டு கைபேசியில் சொன்ன ஒரு சொல், வீட்டில் இருப்பவர்கள் எல்லாரையும் இருட்டில் தள்ளலாம். அறை தெரியாவிட்டால் எதையும் செய்யாமல் கேட்பதே சரி.

இதை எழுதிக் காட்டவும் முடியும். திறந்த மூல நிரலான ஹோம் அசிஸ்டன்ட்டில் ஒரு வாக்கியத்துக்கான விதி இப்படி அமையும்:

```yaml
- sentences:
    - "turn off [the] (light|lights)"
  slots:
    domain: light
  requires_context:
    area:
      slot: true
```

கடைசி மூன்று வரிகள்தான் முக்கியம். கட்டளையைக் கேட்ட கருவிக்கு ஓர் அறை இருந்தால் மட்டுமே இந்த விதி பொருந்தும், அந்த அறையே அணைக்கும் இடமாகும். அறை இல்லையென்றால் இந்த விதி பொருந்தாது, எதுவும் அணையாது. வீடு முழுவதையும் அணைக்க வேண்டுமானால் அதற்கு வேறு வாக்கியம், வேறு விதி. "எல்லா" என்ற சொல்லை ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அப்போதும் "எல்லா" என்பதற்குள் எவை அடங்கும் என்பதை வீட்டுக்காரர்தான் தீர்மானிக்க வேண்டும், தயாரிப்பாளரால் முடியாது. விடிய விடிய எரிய வேண்டிய பூஜை அறை விளக்கு, நடக்க முடியாதவர் அறையின் இரவு விளக்கு, வாசல் விளக்கு, படிக்கட்டு விளக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லி மட்டுமே அணைக்கும்படி ஒதுக்கி வைக்கலாம். ஹோம் அசிஸ்டன்ட்டில் ஒரு விளக்கைக் குரல் கட்டளைக்குக் காட்டாமலே விடலாம், அப்போது கைபேசித் திரையிலோ சுவிட்சிலோதான் அணையும். மாடிப்படி விளக்கை எந்த அறையிலும் சேர்க்காமல் விடுவதும் நல்லது. அறைப் பெயரோடு வரும் கட்டளை எதுவும் அதைத் தொடாது.