சேர்த்துவிட்டவருக்கு எவ்வளவு?

இணையவழி டியூஷன் நடத்துகிறவர்களுக்கு இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ ஒரு கேள்வி வந்துவிடும். ஒரு பிள்ளையைச் சேர்த்துவிடும் பெற்றோருக்கு ஏதாவது கொடுக்கலாமா? கொடுத்தால் எவ்வளவு? பெரும்பாலும் பக்கத்துக் கடையைப் பார்த்துத்தான் விடை எடுக்கிறார்கள். பெரிய நிறுவனம் ஆயிரம் தருகிறதா, நாம் ஐந்நூறு தருவோம் என்பதோடு யோசனை முடிந்துவிடுகிறது. அந்தப் பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறு என்பதை மறந்துவிடுகிறோம். பைஜூஸ் 2020-21இல் மட்டும் 4,500 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியது. முதலீட்டாளர் பணத்தில் ஆள் பிடித்தவர்களின் தொகையை, மாதக் கட்டணத்தில் வீட்டு வாடகை கட்டுகிறவர் பின்பற்ற முடியாது.

ஆகவே கணக்கைச் சிறிய இடத்தில் வைத்துப் பார்ப்போம். அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டாரத்து ஆலத்தியூரை எடுத்துக்கொள்வோம். ராம்கோ சிமெண்ட் ஆலை இருப்பதால் வெளியூரில் பலருக்கும் பெயர் தெரிந்த ஊர். ஆலை வேலைக்காக வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களும் உள்ளூர் விவசாயக் குடும்பங்களும் கலந்து வாழும் இடம். இங்கிருந்து ஒருவர் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் இணையத்தில் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த டியூஷனைப் பற்றி இனி வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆய்வுகளும் சட்டங்களும் மட்டும் நிஜம். மாணவர் 140 பேர். மாதக் கட்டணம் 1,200 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம். ஆசிரியர் பங்கு, செயலி, இணையம், இதர செலவெல்லாம் போக ஒரு பிள்ளைக்கு மாதம் 500 மிஞ்சுகிறது. புதிதாகச் சேரும் பிள்ளை சராசரியாக ஏழு மாதம் தங்குகிறது. அப்படியானால் ஒரு புதுச் சேர்க்கையின் மதிப்பு 3,500 ரூபாய்.

பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 3,500 வருகிறது, அதில் 600 கொடுத்தால் 2,900 மிச்சம், பிறகென்ன என்று கேட்பார்கள். தவறு இங்கேதான் இருக்கிறது. அந்த 600 யாருக்குப் போகிறது? திட்டத்தால் வந்த பிள்ளைக்கு மட்டுமல்ல, திட்டம் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் போகிறது. சிற்றூரில் இரண்டாவது வகைதான் அதிகம். பள்ளி வாசலிலும் ரேஷன் கடை வரிசையிலும் வகுப்பு வாட்ஸாப் குழுவிலும், "உன் பையன் எங்கே படிக்கிறான், நல்லா சொல்லித் தர்றாங்களா" என்று தினமும் பேசிக்கொள்கிறார்கள். காசு கொடுக்காமலே நடக்கும் பேச்சுக்குக் காசு கொடுக்கத் தொடங்கினால், பழைய வரவுக்குப் புதிய செலவு சேரும். அவ்வளவுதான்.

சேர்க்கைப் பதிவேட்டில் இதை எண்ணிப் பார்க்கலாம். போன ஆண்டு ஆலத்தியூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த 20 பிள்ளைகள் யாரோ சொல்லி வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பரிசு எதுவும் கிடையாது. இந்த ஆண்டு 600 ரூபாய்த் திட்டம் போட்டு, அதே வட்டத்தில் 25 பேர் வருகிறார்கள். கொண்டாட வேண்டிய எண் போலத் தெரிகிறது. ஆனால் கூடுதலாக வந்தது ஐந்து பேர். வரவு 17,500. பரிசு 25 பேருக்கும் போவதால் செலவு 15,000. மிச்சம் 2,500 ரூபாய். இதற்காகக் கணக்கு வைத்து, தகராறு தீர்த்து, "என் பேரைச் சொல்லித்தான் சேர்ந்தாங்க, எனக்கு ஏன் வரல" என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லவும் வேண்டும்.

இப்போது ஆய்வுகளின் பக்கம் வருவோம். பரிந்துரைப் பரிசை ஆதரிக்கிறவர்கள் அடிக்கடி காட்டுவது, ஜெர்மனியின் ஒரு வங்கியில் ஷ்மிட், ஸ்கீரா, வான் டென் புல்ட் ஆகிய மூவர் செய்து 2011இல் வெளியான ஆய்வு. அந்த வங்கி, ஆள் சேர்த்துவிட்டவருக்கு 25 யூரோ கொடுத்தது. கிட்டத்தட்ட 10,000 வாடிக்கையாளர்களைப் பார்த்ததில், பரிந்துரையால் வந்தவர்கள் விலகிப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 18 சதவீதம் குறைவாக இருந்தது. மதிப்பு 16 சதவீதம் கூடுதல். நல்ல ஆய்வுதான், ஆனால் நம் கேள்விக்கு அது பாதி விடைதான். பரிந்துரையால் வந்தவரையும் வேறு வழியில் வந்தவரையும் அது ஒப்பிடுகிறது. 25 யூரோ இல்லாவிட்டாலும் வந்திருப்பாரா என்பது தனிக் கேள்வி. தவிர, வங்கிக் கணக்கு வருடக்கணக்கில் ஓடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை பொதுத்தேர்வு முடிந்ததும் போய்விடும்.

நமக்கு அதிகம் உதவுவது 2007இல் ரியூவும் ஃபீக்கும் வெளியிட்ட ஆய்வு. பரிசு வைத்தால் பரிந்துரை கூடுகிறது, ஆனால் பரிசின் அளவு கூடுவதால் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அதில் ஒரு முடிவு. நெருங்கிய உறவைவிட, லேசான பழக்கம் உள்ளவர்களிடம் சொல்ல வைப்பதில்தான் பரிசு நன்றாக வேலை செய்கிறது என்பது இன்னொன்று. மூன்றாவதாக, நெருங்கியவர்களிடையே என்றால் கேட்டுக்கொண்டு வருகிறவருக்கும் ஒரு பங்கு கொடுப்பது பலன் தருகிறது. இரண்டாவது முடிவை ஆலத்தியூரில் பொருத்திப் பார்த்தால் வழி தெரிகிறது. தங்கை மகனுக்கு ஒரு அம்மா எப்படியும் சொல்லிவிடுவார். பெரம்பலூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்த பழைய தோழியிடம், ஆலையிலிருந்து மாற்றலாகிப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம், தானாகச் சொல்ல மாட்டார். நினைவுக்கு வராது, வந்தாலும் எதற்கு என்று விட்டுவிடுவார். பரிசு அசைக்கக்கூடியது இந்தப் பேச்சைத்தான்.

எனவே எல்லாச் சேர்க்கைக்கும் பரிசு என்பதை நான் ஏற்கவில்லை. புதிய பிள்ளை படிக்கும் பள்ளியில் நமக்கு ஏற்கெனவே ஐந்து மாணவர்கூட இல்லை என்றால் மட்டும் பரிசு. ஜூன் முதல் தேதி பட்டியலை ஒட்டிவிட்டால் யாரும் வாதாட முடியாது. ஊர் பார்த்துப் பிரித்தால், "எங்க ஊருக்கு இல்லையா" என்ற மனத்தாங்கல் வரும். பள்ளி பார்த்துப் பிரித்தால் ஆலத்தியூர் அம்மாவும் பெரம்பலூர் அம்மாவும் ஒரே விதியின் கீழ்தான் இருப்பார்கள்.

இந்த விதியில் கணக்கு மாறிப்போகிறது. போன ஆண்டு இப்படிப்பட்ட புதுப் பள்ளிகளிலிருந்து பரிசில்லாமல் வந்தவர்கள் 6 பேர் என்று வைப்போம். இந்த ஆண்டு 25 பேர் வந்தால் கூடுதல் 19. வரவு 66,500. செலவு அதே 15,000. மிச்சம் 51,500. அதே 600 ரூபாய், அதே 25 பிள்ளைகள்.

தொகையைப் பற்றி. அளவு கூட்டுவதால் பெரிய பயன் இல்லை என்பதால் 600ஐ 1,000 ஆக்க மாட்டேன். 600ஐ இரண்டாகப் பிரித்து, சொன்னவருக்கு 300, சேர்ந்தவருக்கு 300. இரண்டும் கட்டணக் கழிவாக, புதிய பிள்ளை இரண்டாம் மாதக் கட்டணம் கட்டிய பிறகு. முதல் மாதத்தோடு நின்றுவிடும் பிள்ளைக்குப் பரிசு போகாது. டெமோ வகுப்புக்கு முன்பே சொன்னவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். சேர்ந்த பிறகு, "ஒரு பேரைச் சேர்த்துக்குங்க" என்று வரும் அழைப்புகள் பெருகினால், ஏற்கெனவே வந்தவர்கள் கழிவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று பொருள். பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளையின் பெற்றோருக்குக் கழிக்கக் கட்டணம் இல்லை. ஆனால் கையில் மதிப்பெண்ணோடு பேசும் அவர்கள் சொல்வதற்குத்தான் ஊரில் மதிப்பு அதிகம். அவர்கள் சொல்லி வருகிறவருக்கு முழு 600ஐயும் கழித்துவிடலாம். "என் பேரைச் சொல்லு, உனக்குக் குறைப்பாங்க" என்று அவர் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

புதிய பிள்ளை தங்கும் மாதமெல்லாம் சொன்னவருக்கு 100 ரூபாய் கழிவு என்பது இன்னொரு யோசனை. தாளில் இதுதான் அழகு. பிள்ளை எவ்வளவு நாள் தங்குகிறதோ அவ்வளவு செலவுதான் ஆகும். ஜனவரியில் வந்து மூன்று மாதத்தில் போகும் பிள்ளைக்குத் தானாகவே குறைந்துவிடும். இருந்தும் வேண்டாம் என்கிறேன். புதிய பிள்ளை நின்றால் சொன்னவரின் கழிவும் நிற்கும். "ஏன்டி நிறுத்திட்டே?" என்ற கேள்வி தெருவில் வரும். பாடம் பிடிக்காமல் விலக நினைக்கும் குடும்பத்தின்மேல் இன்னொரு குடும்பம் அழுத்தம் கொடுக்கும் ஏற்பாடு அது. ஒரே தடவை கொடுத்து முடிப்பதே நல்லது. ஜனவரிப் பிரச்சினைக்கு எளிய வழி, டிசம்பரோடு திட்டத்தை மூடுவது.

விலக்க வேண்டியவை இரண்டு. பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தப் பரிசு கூடாது. ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுப்பதையே கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. டியூஷனுக்கு ஆள் அனுப்பிக் கழிவு வாங்கும் நிலையில் அவர்களை வைக்கக் கூடாது. அடுத்தது, சேர்ந்தவர் சேர்த்தால் முதலில் சொன்னவருக்கும் பங்கு என்ற சங்கிலி. 1978ஆம் ஆண்டுப் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்தின் பக்கமே போக வேண்டாம். சங்கிலித் திட்டங்களில் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் உண்டு. அந்த வாடை அடித்தாலே பெயர் போய்விடும்.

இனி, யாரும் பரிசோடு சேர்த்து யோசிக்காத ஒன்று: ஜிஎஸ்டி. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். டியூஷனுக்கு வரி 18 சதவீதம். 140 பிள்ளைகள், 1,200 ரூபாய், பத்து மாதம் என்றால் வரவு 16.8 லட்சம். புதிதாக 40 பேர் ஏழு மாதம் கட்டினால் இன்னும் 3.36 லட்சம். கோடு தாண்டிவிட்டது. கட்டணத்தை 1,200இலேயே வைத்தால் ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் மாதம் 183 ரூபாய் வரியாகப் போகும். 500 மிஞ்சிய இடத்தில் 317தான் மிஞ்சும். அடுத்த ஆண்டு முழுவதும் பழைய 140 பேரிடம் மட்டும் இப்படி இழப்பது சுமார் இரண்டரை லட்சம். மேலே கண்ட 51,500 அதில் ஒரு மூலைக்கு வராது. வரியைப் பெற்றோர்மேல் போட்டால் கட்டணம் 1,416. அதையும் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அப்போது பரிந்துரைப் பேச்சின் தொனியே மாறிவிடும்.

வெற்றிதான் இங்கே ஆபத்து. ஆகவே திட்டத்துக்கு ஓர் உச்சம் வேண்டும். 25 பேர். அந்த 165 பேரும் அடுத்த ஆண்டு பத்து மாதம் கட்டினாலும் 19.8 லட்சம்தான். அதற்கு மேல் வளர வேண்டுமென்றால் ஐந்து பத்துப் பேராக ஊர்ந்து போகக் கூடாது. விலையை மாற்றி, புது பேட்ச்களைத் திறந்து, வரியைத் தாங்கும் அளவுக்கு ஒரே மூச்சில் போக வேண்டும். அந்த முடிவை 600 ரூபாய்ப் பரிசு எடுத்துக்கொடுக்காது.

ஆக, என் தீர்ப்பு: போடலாம். புதுப் பள்ளிகளுக்கு மட்டும், 300ம் 300ம், ஜூன் முதல் டிசம்பர் வரை, 25 பேர் வரை. செப்டம்பர் கடைசியில் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். எப்படியும் வந்திருக்கும் ஆறு பேரைக் கழித்தால், எட்டாவது பிள்ளையில்தான் திட்டம் தன் செலவை எடுக்கிறது. அதற்குள் ஏழு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், ஏற்கெனவே சொன்னவர்களுக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டு நிறுத்திவிடலாம்.