மரப்பெட்டிக்குள் ஒரு நிலம்

கிள்ளானின் மென்களிமண்ணில் கைத்துருவி சில மீட்டர்தான் இறங்கும். கிடைக்கும் குழைந்த மண்ணால் மண்ணின் வகை மட்டும் தெரியும். நீர் பீய்ச்சித் துளைத்தால் மேலே வருவது வெறும் கலங்கல்தான். ஆனால் அந்தத் துளையின் அடியில் மெல்லிய குழாயை அழுத்தி எடுக்கும் களிமண், கட்டடம் எவ்வளவு அமிழும் என்று கணக்கிட உதவும்.

கோலாலம்பூரின் சுண்ணாம்புப் பாறைக்குச் சுழல்துளைதான். அது வெட்டி எடுக்கும் உருளைக் கற்கள் மரப்பெட்டியில் வரிசையாகக் கிடக்கும் அழகே தனி. 150 செ.மீ. துளைத்ததில், 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகள் மொத்தம் 75 செ.மீ. என்றால் பாறைத்தரம் 50 விழுக்காடு. தண்டு திடீரென விழுந்து, திரும்பும் நீரும் நின்றால் கீழே பொந்து இருக்கலாம்.

பாறை ஒருபுறம் செங்குத்தாக இறங்குவது தெரிந்ததால்தான் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி எழுந்தன. பெட்டியில் கல் இல்லாத இடத்தையும் படியுங்கள்.